நர்ஸம்மா மாதிரி ஒரு பக்கம்

பதுளையில் நான் காலையில் டீச்சர், பின்னேரத்தில் பத்திரிகைக்காரி. தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஓர் அச்சகம். கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்துப் பிழைத்த அந்த முதலாளிக்கு, தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கென்று மாதம் ஒரு சின்னப் பத்திரிகை நடத்தும் ஆசை வந்தது. பிழை திருத்த ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். போன முதல் மாதமே தலையங்கத்தைக் கிழித்துப் போட்டு நானே எழுதினேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் வாதாடுவதில்லை.

அந்தப் பத்திரிகையில் சனங்கள் முதலில் திருப்பிப் பார்க்கிற பக்கம் என்னுடையதல்ல. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. அது ‘நர்ஸம்மா பக்கம்’. பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த மருத்துவிச்சி ஒருவர் எழுதினார். அப்புத்தளையில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, படித்து, அந்த வேலைக்கு வந்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். சனங்களுக்கு அவர் நர்ஸம்மா. அவருடைய பக்கத்தைத் தனித்தனியாக யாரும் படிப்பதில்லை. மத்தியானம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாய்மார் பிள்ளைக்காம்பராவுக்கு வருவார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அதைச் சத்தமாக வாசிப்பாள். வாசித்த வாரம் க்ளினிக்கில் கூட்டம் இருக்கும். இதை நான் கண்ணால் கண்டவள்.

ஒரு நாள் நர்ஸம்மா அச்சகத்துக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் என்றார். என்ன ஒப்பரேஷன் என்று கேட்டேன்.

“பொம்பள சமாச்சாரம் டீச்சர், விடுங்க. சில மாசம் எழுத முடியாது. ஆனா பக்கத்த நிப்பாட்டிறாதீங்க. நிப்பாட்டினா அந்தப் பொண்ணுங்க க்ளினிக்குக்கு வாறதையும் நிப்பாட்டிரும்.”

“வேற ஆர் எழுதுறது?”

“நீங்கதான். சுகாதார ஒப்பீசுல துண்டுப் பிரசுரம் தருவாங்க. விசயம் அதுல இருக்கு. நான் எழுதுற மாதிரி மாத்திக் குடுங்க.” அப்புறம் கைப்பையிலிருந்து பழைய இதழ் ஒன்றை எடுத்து, தன் பக்கத்தின் ஒரு பந்தியைப் பேனாவால் வளைத்துக் காட்டினார். “இது எனக்குப் புடிச்சது. இத வச்சுக்கங்க.”

பத்திரிகையில் பக்கத்தின் அடியில் ‘நர்ஸம்மா சுகவீன விடுப்பில் இருக்கிறார், அவர் சம்மதத்தோடு ஆசிரியர் எழுதுகிறார்’ என்று போடுவதாக முடிவு செய்தோம். ஏமாற்ற அவரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. முதலாளி வேறு கணக்கில் இருந்தார். அந்தப் பக்கத்தை விளம்பரத்துக்குக் கேட்டு ஒரு நகைக்கடைக்காரர் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

“டீச்சர், ஒரு இதழ் போட்டுப் பாப்போம். சனங்களுக்குப் புடிக்கலேன்னா அந்தப் பக்கத்துல நகைதான்.”

“பிடிக்கும்,” என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

நர்ஸம்மா வளைத்துக் கொடுத்த பந்தி இது:

‘ஊசி போட்ட பிள்ளை ராத்திரி நசநசவென்று அழும், உடம்பும் சுடும். பயப்படாதீர்கள், ஊசி வேலை செய்கிறது. ஈரத்துணியால் துடைத்து, பால் கொடுத்து, பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்கார அண்ணே, நீங்களும்தான். பிள்ளையைத் தூக்கினால் கை தேய்ந்துவிடாது. காலையிலும் சூடு இறங்காவிட்டால் என்னிடம் கொண்டுவாங்க. என் மூத்தவனுக்கு ஊசி போட்ட அன்று அவனோடு சேர்ந்து நானும் அழுதேன். ஊசி போட்டதே நான்தான்.’

துண்டுப் பிரசுரம் வந்தது. வறட்சிக் காலம் தொடங்கியிருந்தது, மலையூற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர் நூலாய் ஒழுகியது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ‘வயிற்றோட்டத்தினால் பீடிக்கப்பட்ட சிறுவர்களுக்கு நீரிழப்பு ஏற்படுவதைத் தவிர்க்கும் பொருட்டு’ என்று ஆரம்பித்தது பிரசுரம். அந்த வாக்கியம் முடிவதற்குள் பிள்ளைக்கு இன்னும் இரண்டு தடவை போய்விடும். இதை மாற்றுவதா பெரிய வேலை என்று நினைத்தேன். ஒரே இருப்பில் எழுதி முடித்தேன்.

எழுதியதில் எனக்குப் பெருமை வேறு. என் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அப்பா உத்தியோகத்துக்காகப் பதுளைக்கு வந்தவர், நான் இங்கேயே வளர்ந்தவள். தோட்டத்துப் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் பிள்ளைகள் பேசுவது முழுக்க அதுதானே. ஆகவே ‘புள்ளைக்கு வவுத்தால போவுதா, ஐயையோன்னு ஓடாதீங்க தாயி’ என்று ஆரம்பித்து, லயம், பெரட்டு, கங்காணி என்று தோட்டத்துச் சொல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவந்து, மூன்று இடத்தில் கிண்டலும் செய்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம் என்று பசறை பஸ்ஸில் ஏறினேன். அந்தப் புத்தி மட்டும் எப்படியோ எனக்கு இருந்தது.

பிள்ளைக்காம்பராவில் தாய்மார் சுவரோடு சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயா என் தாளை வாங்கி வாசித்தாள். முதல் வரிக்கு ஒருத்தி சிரித்தாள். இரண்டாம் வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. பாதியில் ஆயாவின் குரலே இறங்கிவிட்டது. வாசித்து முடித்ததும் மடியில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“இது நர்ஸம்மா எழுதுனது இல்ல.”

“அவ சுகமில்லாமல் இருக்கிறா. நான்தான் எழுதினனான். அவ எழுதுற மாதிரி…”

“நர்ஸம்மா எங்கள மாதிரி பேசிக் காட்டமாட்டாங்க டீச்சர். இது யாரோ எங்கள வச்சு நாடகம் போடுற மாதிரி இருக்கு.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க அந்தப் பெண்ணோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நாடகமாம் நாடகம். பதுளையில் இறங்கும்போது கோபம் அவளை விட்டு என் பக்கம் திரும்பியிருந்தது. விடுகிறதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். நகைக்கடைக்காரனுக்கு அந்தப் பக்கம் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் தாளை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். நர்ஸம்மாவின் பந்தியை மட்டும் முன்னால் வைத்தேன். பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துகிற மாதிரி இல்லாமல், ஒருவர் எப்படி நடக்கிறார் என்று பின்னால் நின்று பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டதே என்னை வெட்கப்படுத்தியது. அந்தப் பந்தியில் தோட்டத்துப் பேச்சு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒழுங்கான எழுத்துத் தமிழ். பிள்ளையைக் கொண்டுவரக் கூப்பிடுகிற ஒரே இடத்தில்தான் ‘வாங்க’ என்கிறார். அவர் தோட்டத்து மனுசி என்பதால் தோட்டத்துப் பேச்சில்தான் எழுதுவார் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். எழுத்து என் கண்முன்னே இருந்தது. நான் ஆளைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று பக்கத்தில் குறித்தேன். நோயின் பெயரைச் சொல்லி அவர் தொடங்குவதில்லை. தாயின் கண்ணுக்கும் காதுக்கும் எது முதலில் படுமோ அதில் தொடங்குகிறார். அடுத்த வரியிலேயே பயத்தைத் தணிக்கிறார், ஏன் பயப்பட வேண்டாம் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டியது வருகிறது, கை செய்கிற ஒழுங்கில், ஒரே வாக்கியத்தில். கிண்டல் ஒன்றே ஒன்று. அது ஒருபோதும் தாயைப் பார்த்தல்ல, வீட்டுக்காரனைப் பார்த்து. ஆபத்தைச் சொல்லும்போது மிரட்டுவதில்லை. எப்போது வர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கடைசியில் தன்னைக் கொண்டுவந்து தாய்மாரோடு உட்கார்த்துகிறார், அதுவும் தான் சறுக்கிய இடத்தில்.

என்னுடையதில் மூன்று கிண்டல். அதில் இரண்டு தாய்மாரைப் பார்த்து. பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நாடகம் என்றதில் என்ன பிழை.

இந்த முறை மெதுவாக எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் அவருடைய வரிக்குப் பிறகு சத்தமாக வாசித்தேன். அவர் வரி, என் வரி, மறுபடி அவர் வரி. எந்த இடத்தில் மூச்சு இடறுகிறதோ அங்கே நான் எட்டிப் பார்க்கிறேன் என்று அர்த்தம், அதை வெட்டினேன். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கிற தம்பி என்னைப் பார்த்து, டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான்.

கடைசி இரண்டு வரி மட்டும் வரவில்லை. ‘என் பிள்ளைக்கும் ஒருமுறை’ என்று ஏதாவது கட்டிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அது அவருடைய வாழ்க்கை. நடையைக் கடன் வாங்கலாம், நடக்காததை அவர் வாயில் வைக்க முடியாது. ஒப்பரேஷன் முடிந்து அப்புத்தளையில் தங்கை வீட்டில் இருந்தார் நர்ஸம்மா. சனிக்கிழமை ரயில் ஏறினேன்.

ஸ்டேஷனில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. தங்கை வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். இடது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தேன். தாளை நீட்டினேன். படுத்தபடியே வாசித்தார்.

“போத்தல்னு எழுதியிருக்கீங்க.”

“ஓம். உங்களை மாதிரி வீட்டுச் சாமானாய் இருக்கட்டும் எண்டுதான். உப்புக்கரைசல் பாக்கெட்டை ஒரு போத்தல் தண்ணியில…”

“நம்ம ஆளுங்க வீட்டுல இருக்கிறது சாராயப் போத்தல் டீச்சர். அது ஒரு லீட்டர் வராது. பாக்கெட்ட அதுல கரைச்சா உப்பு கூடிரும், புள்ளைக்கு இன்னும் மோசம். லீட்டர்னே போடுங்க. ஒரு லீட்டர்னு எழுதியிருக்கிற பெரிய சோடாப் போத்தல்னு வேணும்னா சொல்லுங்க.”

துண்டுப் பிரசுரத்தில் சரியாக ஒரு லீட்டர் என்றுதான் இருந்தது. நடை சேரட்டும் என்று அளவைத் தொலைத்தவள் நான். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: மாற்றி எழுதி முடித்ததும் மூலத்தை எடுத்து, ஒரு விசயமாவது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது.

“கடைசி வரிக்கு ஒண்டு சொல்லுங்கோ,” என்றேன். “உண்மையாய் நடந்ததாய் இருக்க வேணும்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு சிரித்தார், சிரிப்பு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார். சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

பத்திரிகையில் வந்தது இப்படி:

‘பிள்ளைக்குத் தண்ணீராய்ப் போனால் துணி தோய்த்தே இடுப்பு ஒடியும். பயந்து தண்ணீரை நிறுத்தாதீர்கள், உடம்பு இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளை தேறும். உப்புக்கரைசல் பாக்கெட் ஒன்றை, ஒரு லீட்டர் என்று எழுதிய பெரிய சோடாப் போத்தல் நிறையக் கொதித்தாறிய தண்ணீர் எடுத்து முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கி, தாய்ப்பாலையும் விடாமல் கொடுங்கள். வீட்டுக்கார அண்ணே, தண்ணீர் கொதிக்க வைப்பது நீங்களும்தான். அடுப்பு ஆம்பிளையைக் கண்டால் அணைந்துவிடாது. கண் குழிவிழுந்தால், மூத்திரம் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. என் சின்னவனுக்குப் போனபோது, கொடுத்தால் இன்னும் போகும் என்று நானும் தண்ணீரை நிறுத்தினேன். பயிற்சி முடித்து வந்த நர்ஸே நான்தான்.’

இதழ் வந்ததும் நானே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். ஆயா வாசித்தாள். அடுப்பு அணைவதற்குச் சிரித்தார்கள், கடைசி வரிக்கு இன்னும் பெரிதாய்ச் சிரித்தார்கள். நாடகம் என்றவளும் இருந்தாள். அவள் ஆயாவிடம், “அந்த சோடாப் போத்தல் எடத்த இன்னொரு தரம் படிங்க,” என்றாள். நகைக்கடைக்காரருக்குப் பின் அட்டையைக் கொடுத்துச் சமாளித்தார் முதலாளி.

அடுத்து வந்த மாதங்களிலும் அப்படியே எழுதினேன். பேன், பல், கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் கடைசி வரி மட்டும் அப்புத்தளையிலிருந்து வரும். வளைத்த பந்தி கசங்கிப்போனதால் அதை அட்டையில் ஒட்டி மேசைக்கு எதிரே சுவரில் அறைந்துவிட்டேன். இதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று எனக்கே தெரியும். என் சொந்தத் தலையங்கத்தைக்கூட ஒரு தடவை அவர் நடையில் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

நர்ஸம்மா திரும்பி வந்த நாளில் மழை. குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, சேலை முந்தானையை இடது பக்கம் இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்தார். இளைத்திருந்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது நானே எழுதுனது. ஆனா சரியா வரல. என்னோட பழைய பக்கம் மாதிரி இல்ல. நீங்க மாத்திக் குடுங்க.”

வாசித்தேன். ‘மார்பில் வரும் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் விட்டுவிடுகிறோம். மாதம் ஒருமுறை குளிக்கும்போது விரல்களைத் தட்டையாக வைத்து அக்குள்வரை தடவிப் பாருங்கள். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் க்ளினிக்குக்கு வாங்க. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. புற்றுநோய் என்றாலும் நேரத்துக்கு வந்தால் வழி இருக்கிறது.’

அவ்வளவுதான். என்ன ஒப்பரேஷன் என்பது எனக்கு அப்புத்தளையிலேயே தெரியும். தாளை மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

“என்ன டீச்சர், மாத்த முடியாதா?”

“முடியும்,” என்றேன். சுவரில் இருந்த அட்டையைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் முன்னாலேயே வேலை செய்தோம். தொடக்கத்தைக் குளிக்கிற பீலிக்குக் கொண்டுபோனோம், ஆறுதல் வரியை மேலே ஏற்றினோம். வீட்டுக்கார அண்ணனுக்கு நான் ஒன்று சொன்னேன்: ‘க்ளினிக் அன்று பிள்ளையை நீங்கள் பாருங்கள்; ஓடிப்போக அதற்கு இன்னும் கால் முளைக்கவில்லை.’ அவர் சிரித்துவிட்டார். பழைய சிரிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றிச் சத்தமாக வாசித்தேன், மூச்சு எங்கேயும் இடறவில்லை. முடிவில் மட்டும் பழையது இரண்டு வரி நீண்டிருந்தது.

“கடைசி வரி இல்லை,” என்றேன்.

“அது வேணாம்.”

“சரி.”

“எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லணுமா? அந்தப் பொண்ணுங்க மூஞ்சில நான் முழிக்க வேணாமா?” அவருக்குக் கோபம் வந்திருந்தது.

“வேண்டாம். நீங்கள் விரும்பாததை நான் போடமாட்டன். வெறுமையாய் விடுவம். ஆனால் சிரிக்கிறதுக்கு ஒரு பொய் வரி மட்டும் என்னட்டைக் கேக்காதையுங்கோ. அது என்னால ஏலாது.”

அச்சு யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரிலிருந்து கழற்றிய அட்டையைக் கையில் எடுத்து, தான் முன்பு எழுதிய பந்தியை உதடு அசைய வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். பிறகு என் பேனாவைக் கேட்டார். எழுதிவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை.

அந்த இதழை வாசிக்கும்போது நானும் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். அண்ணன் வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆயா கடைசிக்கு வந்தாள்.

‘கட்டி தட்டுப்பட்ட பிறகும், உங்களையெல்லாம் க்ளினிக்குக்கு வரச் சொல்லிக்கொண்டே, மாதக்கணக்காய் யாரிடமும் சொல்லாமல் மறைத்தவள் ஒருத்தி. அந்த நர்ஸே நான்தான்.’

சிரிப்பு அப்படியே நின்றது. நாடகம் என்று அன்று சொன்னவள் சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இது நர்ஸம்மாதான்,” என்றாள்.

மணி அடித்தது. எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஆயாவிடம் மெல்லிய குரலில், அடுத்த க்ளினிக் என்றைக்கு என்று கேட்டாள்.